இரண்டாவது ரன்னிங் பில்: தொடக்கத்திலிருந்து கணக்கா, புது வேலைக்கு மட்டும் கணக்கா?

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அவ்வப்போது போடுவது ரன்னிங் பில். முதல் ரன்னிங் பில் எப்படிப் போட்டாலும் ஒரே தொகைதான் வரும். இரண்டாவது பில்லில்தான் வழி பிரிகிறது. வேலை தொடங்கிய நாள் முதல் இன்றுவரையான மொத்த அளவைப் போட்டு, முந்தைய பில்லைக் கழிப்பது ஒரு முறை. போன பில்லுக்குப் பிறகு நடந்த வேலைக்கு மட்டும் தனியாகப் பில் போடுவது இன்னொன்று. அரசு வேலைகளில் முதல் முறைதான் வழக்கம். தனியார் கட்டடங்களில் பல கான்ட்ராக்டர்கள் இரண்டாவதை விரும்புகிறார்கள், போடச் சுலபம் என்று.

செங்கல் கட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரேட் கன மீட்டருக்கு ரூ.7,000, செக்யூரிட்டி டெபாசிட் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வரிப் பிடித்தங்களை இங்கே விட்டுவிடுகிறேன். முதல் பில்லில் 40 கன மீட்டர், ரூ.2,80,000. டெபாசிட் 14,000 போக, கையில் 2,66,000.

அடுத்த மாதம் புதிதாக 30 கன மீட்டர் ஏறியிருக்கிறது. டேப் பிடிக்கும்போது ஒரு விஷயம் தெரிய வருகிறது: முதல் பில்லில் நான்கு ஜன்னல்களின் திறப்பைக் கழிக்கவே இல்லை. ஒவ்வொன்றும் 2.0 × 1.25 மீட்டர், ஆக 10 சதுர மீட்டர். 0.23 மீட்டர் சுவருக்கு அது 2.3 கன மீட்டர், ரூ.16,100. கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200 படி 0.1 சதுர மீட்டர் வரையுள்ள சின்னத் துளைகளைத்தான் கழிக்காமல் விடலாம். ஜன்னலை விட முடியாது.

| | மொத்தத்தில் கழிப்பது | புது வேலை மட்டும் |
|---|---|---|
| அளவு | 67.7 | 30 |
| மதிப்பு | 4,73,900 | 2,10,000 |
| முந்தைய பில் | 2,80,000 | இல்லை |
| இந்த பில் | 1,93,900 | 2,10,000 |
| டெபாசிட் | 9,695 | 10,500 |
| கையில் | 1,84,205 | 1,99,500 |

இடது பக்கத்தில் யாரும் திருத்தம் என்று தனியாக எதுவும் எழுதவில்லை. சரியான மொத்த அளவு வந்ததுமே பழைய பிழை தானாக அடங்கிவிட்டது. வலது பக்கத்தில் ‘மைனஸ் 2.3’ என்று யாராவது நினைவு வைத்து ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் 15,295 ரூபாய் கூடுதலாகப் போய்விடும், கடைசி பில்வரை கண்ணில் படாது. அளவுகளைப் பதியும் எம்-புக்கில் பில் ஆன பக்கங்களைக் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். அடித்த பக்கத்தை யார் திரும்பப் புரட்டுவார்கள்?

முடியாத வேலைக்குக் குறைந்த ரேட் கொடுக்கும்போதும் இதே கதைதான். பூச்சு முடிந்து, தண்ணீர் விட்டு ஆற்றுவது பாக்கி என்று முதல் பில்லில் 80 சதவீத ரேட் போட்டிருந்தால், அடுத்த மொத்த பில்லில் முழு ரேட் போட்டாலே மீதி தானாக வந்துவிடும். தனிப் பில்லில் ‘பாக்கி 20 சதவீதம்’ என்று பழைய அளவை மறுபடி இழுக்க வேண்டும்.

ஆனால் மொத்தத்தில் கழிக்கும் முறைக்கும் ஒரு பொறி உண்டு, அது டெபாசிட்டில் இருக்கிறது. நான் அதிகம் பார்த்த சண்டை இதில்தான். முந்தைய பில்லின் மொத்த மதிப்பை (2,80,000) கழித்தால், டெபாசிட்டிலும் முன்பு பிடித்த 14,000-ஐக் கழித்து, மிச்சம் 9,695 மட்டுமே பிடிக்க வேண்டும். முன்பு கையில் கொடுத்ததை (2,66,000) கழித்தால், இன்றுவரையான டெபாசிட் 23,695 முழுவதையும் பிடிக்க வேண்டும். இரண்டு வழியிலும் விடை 1,84,205 தான். ஒன்றின் பாதியை இன்னொன்றோடு சேர்த்தால் குட்டை குழம்பிவிடும். மொத்த மதிப்பைக் கழித்துவிட்டு முழு டெபாசிட்டையும் பிடித்தால் கான்ட்ராக்டருக்கு 14,000 நட்டம். கையில் கொடுத்ததைக் கழித்துவிட்டு 9,695 மட்டும் பிடித்தால், பழைய டெபாசிட் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடும்.

சரிபார்க்க ஒரே ஒரு கூட்டல் போதும். இதுவரை கையில் கொடுத்தது 2,66,000 + 1,84,205, பிடித்து வைத்தது 23,695. கூட்டினால் 4,73,900, அதாவது இன்றுவரையான வேலையின் மதிப்பு. இது ஒத்துவராத பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

புது வேலைக்கு மட்டும் போடும் பில்லை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, கான்கிரீட் கூரை போட்டால் இவ்வளவு என்று கட்டம் கட்டமாகப் பேசிய வேலைக்கு அதுவே போதும், அங்கே அளவே கிடையாது. ஜி.எஸ்.டி. இன்வாய்ஸும் இந்த பில்லின் தொகைக்குத்தான் போடப்படும், அதனால் கணக்காளருக்கும் அது பிடிக்கும். ஆனால் டேப் பிடித்து அளந்து பணம் கொடுக்கும் வேலையில், இன்வாய்ஸ் தனியாகவும் அதன் பின்னால் மொத்த அளவு அப்ஸ்ட்ராக்டும் இருக்கட்டும் என்றுதான் நான் கேட்பேன். கான்ட்ராக்டர் முனகுவார். அந்த அப்ஸ்ட்ராக்டில் போன பில் அளவு எம்-புக்கின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பக்க எண்ணும் போட்டிருக்க வேண்டும், ஏனென்றால் 40-ஐ 46 என்று ஒருமுறை தப்பாக எடுத்து எழுதிவிட்டால், அந்த 6 கன மீட்டர் இந்த பில்லில் குறைந்து நிற்கும்.