கணக்கு எண் மாறிவிட்டதாக சப்ளையரிடமிருந்து மெயில்: எந்த வழியில் சரிபார்ப்பது?

ஐந்து வருடமாக எங்களுக்கு அட்டைப் பெட்டிகள் அனுப்பும் சப்ளையரிடமிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் வந்தது. "எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால், நிலுவையிலுள்ள இரண்டு பில்களுக்கும் கீழேயுள்ள புதிய கணக்கில் பணம் செலுத்தவும்" என்று இருந்தது. பில் எண்கள் சரி, தொகையும் சரி. நாங்கள் முந்தைய வாரம் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருந்ததால், கீழே பழைய பேச்சு முழுவதும் இருந்தது. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

கணினிப் பிரிவில் கேட்டோம். மெயிலின் தலைப்புத் தகவல்களைப் பார்த்துவிட்டு, அது அவர்களுடைய சர்வரிலிருந்துதான் வந்திருக்கிறது என்றார்கள். இங்கேதான் பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். ஆனால் அந்தச் சோதனை, மெயில் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதை மட்டுமே சொல்லும். பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று சொல்லாது. கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்தவர் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் பில்களைப் படித்துக்கொண்டிருந்து, பணம் போகும் நேரம் பார்த்து இப்படி ஒரு மெயில் போடலாம்.

சரி, எப்படி உறுதி செய்வது? அன்று எங்கள் மேசையில் பேசப்பட்ட வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, "இது நீங்கள் அனுப்பியதுதானா?" என்று பதில் மெயில் போடுவது. இதைவிடப் பயனற்ற வழி இல்லை. பதில் பொத்தானை அழுத்திப் பார்த்தபோதுதான் கவனித்தோம்: பெறுநர் இடத்தில் வந்து நின்ற முகவரி வேறு. வந்த மெயிலில் `malarpack` என்று இருந்தது (பெயரை மாற்றியிருக்கிறேன்), பதில் போகும் முகவரியில் `rnalarpack`. முதல் எழுத்து m இல்லை, r-உம் n-உம் ஒட்டி நிற்கின்றன. திரையில் சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்தத் தந்திரம் இல்லாமல் பதில் உண்மையான பெட்டிக்கே போனாலும் பயனில்லை. எங்களிடமிருந்து வரும் மெயில்களை உரியவர் கண்ணில் படாத ஒரு கோப்புறைக்கு நகர்த்திவிடும்படி பெட்டிக்குள் விதி போட்டு வைத்திருப்பார்கள். "ஆமாம், நாங்கள்தான்" என்று அழகாகப் பதில் வரும்.

அடுத்தது, மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்வது. வழி மாறியதுபோல ஒரு தோற்றம் தரும். எண்ணைக் கொடுத்தது யார் என்று கேட்டால் தோற்றம் கலைந்துவிடும்: கணக்கை மாற்றச் சொன்ன அதே ஆள்தான். மெயில் வந்த பத்தாவது நிமிடம் அவர்களே கூப்பிட்டு, "மெயில் பார்த்தீர்களா சார், கொஞ்சம் அவசரம்" என்பதும் இதே ரகம். திரையில் சப்ளையரின் எண்ணே தெரிந்தாலும் அதைப் பொய்யாகக் காட்ட முடியும். வைத்துவிட்டு நாம் திரும்பக் கூப்பிட வேண்டும். வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாமே என்பவர்களுக்கு: 2024-ல் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், வீடியோ கூட்டத்தில் மேலதிகாரிகள் போல வந்த போலி உருவங்களை நம்பி ஓர் ஊழியர் சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அழைப்பு இணைப்பை யார் அனுப்பினார் என்பதுதான் அங்கேயும் கேள்வி.

மூன்றாவது வழி, புதிய கணக்குக்கு ஒரு சிறு தொகை அனுப்பிப் பார்ப்பது. எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். பணம் போய்ச் சேர்ந்தது என்றால், அப்படியொரு கணக்கு இருக்கிறது என்று மட்டுமே பொருள். திருடனுக்கும் கணக்கு இருக்கும். "வந்தது, நன்றி" என்று மெயிலும் போடுவான்.

நான்காவது, வங்கியே பெயரைச் சரிபார்ப்பது. பிரிட்டனில் 2020 முதல் பெரிய வங்கிகள் இதைச் செய்கின்றன. யூரோ பகுதியில் 2025 அக்டோபர் முதல் வங்கிகள் கட்டாயம் தர வேண்டிய வசதி. கணக்கு எண்ணையும் பெயரையும் கொடுத்தால் இரண்டும் பொருந்துகின்றனவா என்று சொல்லும். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், அந்த வகையில் நல்ல வடிகட்டி. பொருந்தினால் மட்டும் பச்சைக்கொடி ஆகாது, ஏனென்றால் ஒத்த பெயரில் கணக்கு திறக்க முடியும். நாடு விட்டு நாடு போகும் பணத்துக்கு இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

மீதி இருப்பது, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு நாமே கூப்பிடுவது. நான் நம்புவது இதைத்தான், ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. சப்ளையர் பதிவில் இருக்கும் எண் எப்போது, யார் சொல்லி ஏறியது என்று பார்க்க வேண்டும். "எங்கள் போன் எண் மாறிவிட்டது" என்று ஒரு மாதம் முன்பே அப்பாவியாக ஒரு மெயில் வந்து, நாமும் அதைப் பதிவில் திருத்தியிருந்தால், கதை முடிந்தது. அன்று நாங்கள் பதிவை விட்டுவிட்டு, முதல் வருடத்து ஒப்பந்தக் கோப்பை எடுத்து, அதிலிருந்த அலுவலகப் பொது எண்ணைத்தான் அழைத்தோம்.

கூப்பிட்ட பிறகு கேட்கும் விதமும் முக்கியம். "மெயில் அனுப்பினீர்களா?" என்று வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டால், "கணக்குப் பிரிவில் அனுப்பியிருப்பாங்க சார்" என்றுதான் பதில் வரும். அது உறுதிப்படுத்தல் ஆகாது. கணக்குப் பிரிவுக்கு இணைப்பைக் கேட்டு வாங்கி, புதிய எண்ணை நாம் வாசிக்காமல் அவர்களைச் சொல்ல வைக்க வேண்டும். எங்கள் பேச்சு இப்படித்தான் போனது:

"மேடம், உங்களுக்கு நாங்கள் பணம் போட வேண்டிய கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் சொல்லுங்கள்."

அவர் சொன்னார். அது பழைய கணக்கு.

"சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா?"

"இல்லையே சார். ஏன், என்ன ஆச்சு?"

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியது உண்மை என்று அவர் சொல்லியிருந்தால், புதிய எண்ணை அவர் வாயால் கேட்டு மெயிலோடு ஒப்பிட்டிருப்போம். அப்புறம்தான் சிறு தொகைக்கு வேலை வரும். 17.43 போல எளிதில் ஊகிக்க முடியாத ஒரு தொகையை அனுப்பிவிட்டு, மறுநாள் அதே பழைய எண்ணில் கூப்பிட்டு, எவ்வளவு வந்தது என்று கேட்கலாம். அந்த நேரத்தில் சிறு தொகை நல்ல சாட்சி, ஏனென்றால் பதில் நாம் தேர்ந்தெடுத்த வழியில் வருகிறது. பெரிய பில்லுக்கு நான் இரண்டையும் செய்வேன். சிறிய பில்லுக்கும் போனை மட்டும் விட மாட்டேன். யார் கூப்பிட்டார், எந்த எண்ணுக்கு, யார் பேசினார், என்ன சொன்னார் என்று நான்கு வரி எழுதி, கணக்கு விவரத்தைத் திருத்துவது வேறொருவர் கையில் இருக்கட்டும். கூப்பிட்டவரே திருத்தினால், அவசரத்தில் கூப்பிடாமலேயே "உறுதி செய்யப்பட்டது" என்று எழுதிவிடும் ஆசை வரும். எனக்கே வந்திருக்கிறது.

அந்த மேடம் அன்று இரவே தங்கள் மெயில் பெட்டியைச் சோதிக்கச் சொன்னார். எங்கள் முகவரியிலிருந்து வருபவை எல்லாம், அவர் ஒருபோதும் திறக்காத ஒரு கோப்புறைக்குப் போய்க்கொண்டிருந்தன. கடவுச்சொல்லை மாற்றி, விதியை நீக்கிவிட்டார்கள். சனிக்கிழமை காலை `rnalarpack` முகவரியிலிருந்து எங்களுக்கு மறுபடி ஒரு மெயில்: "பணம் இன்னும் வரவில்லையே, ஏதாவது சிக்கலா?"