உங்க வீடியோவை இன்னொரு சேனல் தூக்கிப் போட்டா: தேடிப் பாக்கறதா, டூல நம்பறதா, எந்த பட்டன அமுக்கறது

போன மாசம் நான் போட்ட கிரைண்டர் பெல்ட் மாத்துற வீடியோ, 11 நிமிஷம், அத மூணு பேர் எடுத்துப் போட்டிருந்தாங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் வேற வேற மாதிரி நடந்துக்கிட்டேன், அதனால யூட்யூப் குடுக்கற ஆப்ஷன் எது எப்போ வேலைக்காகும்னு ஓரளவு புரிஞ்சுது.

முதல்ல கண்டுபிடிக்கறது. டைட்டில அப்படியே சர்ச்ல போட்டு அப்லோட் தேதி ஃபில்டர் வச்சா சோம்பேறித் திருடன் மாட்டிப்பான், ஏன்னா அவன் டைட்டிலகூட மாத்த மாட்டான். டைட்டில மாத்திட்டா சர்ச்ல ஒண்ணும் வராது. ஸ்டூடியோல இருக்கற Matches டேப் அப்படி இல்ல, அது டைட்டில பாக்காது, வீடியோவையே ஒப்பிடும். ஆனா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு, முழுசா இல்ல கிட்டத்தட்ட முழுசா காப்பி அடிச்சாத்தான் காட்டும். என் மூணுல ரெண்டத்தான் டூல் காட்டுச்சு. மூணாவது ஆளு நடுவுல ரெண்டு நிமிஷத்த மட்டும் வெட்டி ஒட்டியிருந்தான், அத ஒரு சப்ஸ்கிரைபர் சொல்லித்தான் தெரிஞ்சுது. இடம் வலம் திருப்பிப் போட்டாலோ வாய்ஸ் பிட்ச் மாத்தினாலோ டூல் தவறவிடலாம். முக்கியமா, யூட்யூப்ல முதல்ல அப்லோட் பண்ணது நீங்களா இருக்கணும். ஃபேஸ்புக்ல போட்டுட்டு ரெண்டு நாள் கழிச்சு யூட்யூபுக்கு வந்தீங்கன்னா, அதுக்குள்ள ஒருத்தன் எடுத்துப் போட்டிருந்தா டூல் அத உங்களுக்குக் காட்டாது.

பார்ட்னர் ப்ரோக்ராம்ல இல்லாதவங்களுக்கு ஆரம்பத்துல இந்த டேப் கிடைக்காது, ஆனா காப்பிரைட் வெப்ஃபார்ம் மூலமா ஒரு புகார் குடுத்து அது செல்லுபடியாச்சுன்னா திறந்துடும்.

சரி, கண்டுபிடிச்சாச்சு, இப்போ மூணு பட்டன். Archive அமுக்கினா அந்த மேட்ச் லிஸ்ட்ல இருந்து ஓரமா போகும், எதிர் சேனலுக்கு ஒண்ணும் ஆகாது, அவனுக்கு தெரியக்கூட தெரியாது. 38 வியூஸ் வாங்கின ஒரு கிரைண்டர் கடைக்காரர் வீடியோவுக்கு இதத்தான் பண்ணேன், என் பேரையும் லிங்க்கையும் டிஸ்கிரிப்ஷன்ல போட்டிருந்தாரு பாவம். Contact channel-ங்கறது யூட்யூப் வழியா அவங்களுக்கு ஒரு மெயில். வெட்டி ஒட்டினவனுக்கு நான் என்ன பண்றதுன்னு யோசிச்சேன், அவன் அந்த வீடியோ மேலயே தன் குரல்ல பேசி விளக்கியும் இருந்தான், நியாயமான பயன்பாடுன்னு அவன் வாதாடலாம், அதனால புகார் குடுக்கல, டூல்ல அவன் வராததால சேனல் மெயிலுக்கு நானே எழுதினேன், கிரெடிட் போட்டுட்டான். அவன் பதிலே போடலைன்னாலும் எனக்கு நஷ்டம் இல்ல.

Request removal தான் கனமான ஆயுதம், இதுலயும் ரெண்டு வகை. உடனே எடுக்கறது ஒண்ணு, 7 நாள் டைம் குடுக்கறது இன்னொண்ணு. உடனே எடுத்தா எதிர் சேனலுக்கு ஸ்ட்ரைக் விழும், 90 நாள்ல மூணு ஆச்சுன்னா சேனலே போயிடலாம். 7 நாள் வகைல அவனே அதுக்குள்ள டெலீட் பண்ணிட்டா ஸ்ட்ரைக் இல்ல. 42 ஆயிரம் வியூஸ் வாங்கினவனுக்கு முதல்ல 7 நாள்தான் குடுத்தேன், நாலாவது நாள் வீடியோ காணோம். எனக்கு இது போதும், நமக்கு வேண்டியது வீடியோ இறங்கறதுதானே. ஆனா தினமும் வியூஸ் ஏறிட்டு இருக்கற புது வீடியோன்னா அந்த 7 நாளும் அவனுக்குத்தான் லாபம், அப்போ உடனே எடுக்கறதுதான் சரி. இனிமே காப்பிய தானா தடுன்னு ஒரு டிக் இருக்கும், மறக்காம போடுங்க. இன்னொண்ணு, எடுத்த வீடியோ இடத்துல நீங்க குடுத்த உரிமையாளர் பேரு எல்லாருக்கும் தெரியும், மெயில் ஐடியும் எதிராளிக்குப் போகும், அதனால தனி மெயில் வச்சுக்கோங்க.

அப்புறம் Removal requests டேப்ல நிலவரம் பாக்கலாம், இங்கதான் நிறைய பேர் குழம்பறாங்க. ரிவ்யூல இருக்குன்னா யூட்யூப் ஆளுங்க பாத்துட்டு இருக்காங்க, திரும்பத் திரும்ப புகார் அனுப்பாதீங்க. கூடுதல் தகவல் வேணும்னு நின்னா பந்து உங்க பக்கம், மெயில் வந்திருக்கும், ஸ்பேம்லயும் பாருங்க, பதில் போடலைன்னா அது நகராது. நீங்களே வாபஸ் வாங்கினா ஸ்ட்ரைக்கும் போயிடும். பெரிய தலைவலி எதிர்மனு, அதாவது கவுண்டர் நோட்டிஃபிகேஷன். எதிராளி அத அனுப்பினா, நீங்க கோர்ட்டுக்குப் போனதுக்கு ஆதாரத்த 10 அமெரிக்க வேலை நாளுக்குள்ள குடுக்கணும். இல்லைன்னா வீடியோ திரும்ப ஏறிடும், ஸ்ட்ரைக்கும் கழிஞ்சுடும். இதனாலதான் அந்த ரெண்டு நிமிஷம் வெட்டினவன் மேல நான் புகார் குடுக்கல, அவன் எதிர்மனு போட்டிருந்தா ஒரு பெல்ட் வீடியோவுக்காக நான் கோர்ட்டுக்கா போயிருப்பேன்?