ஒரு நுரையீரலா, இரண்டுமா?

மாமாவுக்கு நுரையீரல் தழும்பேறிச் சுருங்கும் ஃபைப்ரோசிஸ். அல்சூர் வீட்டில் ஹாலிலிருந்து குளியலறைக்கு நடந்தாலே ஆக்சிஜன் அளவு 82-க்கு இறங்கிவிடும். வயது 61. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன, புகைப்பழக்கமோ புற்றுநோயோ இல்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அத்தை இருந்தார். அதனால்தான் மாற்று அறுவைக்கு அவரைப் பரிசீலித்தார்கள். அப்புறம் டாக்டர் கேட்டார்: ஒன்றா, இரண்டுமா?

எல்லோருக்கும் இந்தக் கேள்வி வராது. மூச்சுக்குழாய் விரிந்து சீழ்ச்சளி தங்கும் நோயில் இரண்டையும் எடுத்தே ஆகவேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் அதிலுள்ள கிருமி புதியதைக் கெடுத்துவிடும். ஃபைப்ரோசிஸில் பழையது விறைத்துக் கிடப்பதால் காற்றும் ரத்தமும் பெரும்பாலும் புதியதன் பக்கமே போகும். ஆகவே ஒன்றை வைத்தும் சமாளிக்கலாம்.

நீண்டகாலக் கணக்கு இரண்டின் பக்கம்தான். உலகப் பதிவேட்டில் இரண்டும் மாற்றியவர்களில் பாதிப் பேர் ஏழு ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். ஒன்று மட்டும் மாற்றியவர்களில் அது ஐந்தாண்டை ஒட்டி நிற்கிறது. ஆனால் ஒன்று பெறுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

காத்திருப்பில் நிலைமை தலைகீழ். ரத்த வகை மட்டுமல்ல, மார்புக்கூட்டின் அளவும் பொருந்த வேண்டும். மாமா குள்ளமானவர், உயரமானவரின் நுரையீரல் அவருக்குள் அடங்காது. மூளைச்சாவு அடைந்தவரின் நுரையீரல் கிருமித்தொற்றால் சீக்கிரம் கெட்டுவிடும். சில நேரம் ஒரு பக்கம் மட்டும் தேறும். இரண்டும்தான் வேண்டும் என்றால் அந்த வாய்ப்பு போய்விடும். ஒருமுறை இரவு பதினொன்றுக்கு அழைத்து, தயார்செய்து, அது சரியில்லை என்று விடிகாலையில் திருப்பி அனுப்பினார்கள். மூன்று மாதத்தில் அவருக்குத் தேவையான ஆக்சிஜன் இரண்டு லிட்டரிலிருந்து ஆறானது. எது முதலில் வந்தாலும் சரி என்று எழுதிக்கொடுத்தோம். இடது பக்கம் ஒன்று கிடைத்தது. நோய் மெதுவாக நகர்ந்திருந்தால் நான் இரண்டுக்காகத்தான் காத்திருக்கச் சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் ஒன்றின் சிரமம் பிறகுதான் தெரிகிறது. தினமும் காலையில் ஸ்பைரோமீட்டரில் ஊதி, முதல் நொடியில் வெளியேறும் காற்றை நோட்டில் குறிக்கிறார். 1.8 லிட்டராக இருந்தது ஒரு வாரத்தில் 1.55 ஆனது. பத்து சதவீதம் குறைந்தாலே கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு புது நுரையீரல் என்றால் குறைவு அவற்றில்தான் என்று தெரியும். இவருக்கோ பழையது சுருங்கினாலும் எண் இறங்கும். தொற்றும், புது நுரையீரலை உடலே எதிர்க்கும் நிராகரிப்பும் ஒரே மாதிரி இருமலாகத்தான் வரும். குழாய் விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் திடீர் நிராகரிப்பு. மூன்று நாள் நரம்பு வழியே ஸ்டீராய்டு ஏற்றியதும் 1.75-க்கு ஏறியது. பயப்பட வேண்டியது இதற்கல்ல. எண் இருபது சதவீதம் இறங்கி அங்கேயே தங்கினால் சிறு மூச்சுக்குழாய்களில் தழும்பு விழுந்திருக்கலாம். அந்த நாள்பட்ட நிராகரிப்பைத் தாமதிக்கலாம், திருப்ப முடியாது. ஐந்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எந்த வகை அறுவையானாலும், அது வருகிறது.

நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரை. தேவனஹள்ளி பம்பளிமாஸ் அவருக்கு உயிர். அது மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அத்தை இப்போது வீட்டுக்கே வாங்குவதில்லை.