நிஷாகந்தி விரிவதைப் பிடிக்க: போனின் டைம்லாப்ஸ் மோடா, தனித்தனிப் படங்களா?

நிஷாகந்தி இருட்டிய பிறகு விரியத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் தலை தொங்கிவிடும். மாலை 7 மணியிலிருந்து 12 மணி வரை, ஐந்து மணி நேரம். இதை அரை நிமிட வீடியோவாக்க போனில் இரண்டு வழி உண்டு. கேமராவிலேயே இருக்கும் டைம்லாப்ஸ் மோடைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். இல்லையென்றால் குறிப்பிட்ட இடைவெளியில் தனித்தனிப் போட்டோக்களாக எடுத்துப் பின்னால் கோர்க்கலாம். இந்தப் பூவுக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். ஆனால் முதல் வழி ஜெயிக்கிற இடமும் இருக்கிறது.

இடைவெளி

ஐபோனில் இடைவெளியை நாம் சொல்ல முடியாது. நேரம் நீள நீள அதுவே இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டு போகும். அதனால் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் ஐந்து மணி நேரம் ஓடவிட்டாலும் கையில் கிடைப்பது அரை நிமிடம் ஒட்டிய வீடியோதான். எதையும் கணக்குப் போட வேண்டாம் என்பது இதில் வசதி. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் 30x, 120x என்று வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 120x வைத்தால்கூட ஐந்து மணி நேரம் இரண்டரை நிமிட வீடியோவாகத்தான் வரும். அதை மறுபடி வெட்ட வேண்டும்.

தனிப்படங்களுக்குக் கணக்கு நம் கையில். 25 விநாடி வீடியோ, விநாடிக்கு 24 படம் என்றால் 600 படம் வேண்டும். ஐந்து மணி நேரம் என்பது 18,000 விநாடி. 600-ஆல் வகுத்தால் 30 விநாடிக்கு ஒரு படம். பூ வேகமாக விரிகிற நேரம் எது என்று முன்கூட்டியே தெரியாது என்பதால், நான் 15 விநாடி வைத்துவிடச் சொல்வேன். அதிகமாக இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம். குறைந்ததைப் பின்னால் சேர்க்க வழியில்லை. ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப்பில் Repeat என்பதில் Unlimited வைத்து, Repeat mode interval-ல் விநாடியைக் கொடுத்தால் போதும். 1,200 படத்துக்கு நான்கைந்து ஜிபி இடம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டகம் அசையாமல்

இரண்டு வழிக்கும் ஸ்டாண்ட் கட்டாயம். ஆனால் ஸ்டாண்டில் வைத்த பிறகும் படம் ஏன் துடிக்கிறது என்று பலர் கேட்பார்கள். முதலில் சார்ஜர் வயரைப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்கு சார்ஜில் போட்டே ஆக வேண்டும். தொங்கும் வயர் போனைத் துளித் துளியாக இழுக்கும். வயரை ஸ்டாண்டின் காலோடு டேப் போட்டு ஒட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. அடுத்தது ஃபோகஸ். ஒவ்வொரு படத்துக்கும் கேமரா புதிதாக ஃபோகஸ் தேடினால் காட்சி கொஞ்சம் பெரிதாகி, கொஞ்சம் சிறிதாகி மூச்சு விடுவதுபோல் தெரியும். ஃபோகஸைப் பூட்டிவிட வேண்டும். மொட்டின் நுனியில் பூட்டினால் பூ விரிந்து முன்னால் வரும்போது மங்கிவிடும். காம்பு சேரும் இடத்தில் பூட்டி, போனை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மொட்டு விரியும்போது தலையை நிமிர்த்தும் என்பதால் சுற்றிலும் நிறைய இடமும் விடுங்கள்.

மூன்றாவது எதிரி நம் வீட்டு ஃபேன். போன் அசையாது, ஆனால் இலை ஆடும். 15 விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும்போது அந்த ஆட்டம் நடுக்கமாகத் தெரியும். ஃபேனை நிறுத்திவிட்டு, காம்பை ஒரு குச்சியோடு நூலால் கட்டிவிடுங்கள்.

பிற்பாடு சாஃப்ட்வேரில் நடுக்கத்தை எடுத்துவிடலாமே என்று தோன்றும். போன் லேசாக நகர்ந்திருந்தால் சரிதான். ஆனால் ஓரங்கள் வெட்டுப்படும், அதோடு பூ பெரிதாக வளர்வதையே கேமரா அசைவு என்று சாஃப்ட்வேர் நினைத்துப் பின்னணியை இழுத்து நெளிய வைப்பதும் உண்டு. 1080p வீடியோவில் வெட்டுவதற்கு இடமில்லை. 4000 x 3000 அளவுள்ள போட்டோவில் தாராளமாக இருக்கிறது. தனிப்படங்கள் முந்துகிற ஓர் இடம் இது.

மினுமினுப்பு

உண்மையான வித்தியாசம் இங்கேதான். மொட்டாக இருக்கும்போது காட்சி பெரும்பாலும் இருட்டு. வெள்ளை இதழ்கள் விரிய விரிய ஆட்டோ எக்ஸ்போஷர் வெளிச்சம் கூடிவிட்டதாக நினைத்து முழுப் படத்தையும் இருட்டாக்கும். தனிப்படங்களை ஆட்டோவில் விட்டால், இந்த மாற்றம் படத்துக்குப் படம் படிப்படியாகக் குதிக்கும். கோர்த்துப் பார்த்தால் கண்ணைச் சிமிட்டும். டைம்லாப்ஸ் மோட் அதையே வழுக்கிக்கொண்டு மாற்றுவதால் சிமிட்டல் குறைவு, ஆனால் பின்னணிச் சுவர் மெல்ல மங்கிக்கொண்டே போகும்.

அதனால் பூட்டுங்கள். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK வரும். ஓப்பன் கேமராவில் அமைப்புகளில் Camera2 API-ஐத் தேர்ந்தெடுத்தால், போன் இடம் கொடுக்கும் பட்சத்தில் ஐஎஸ்ஓ, ஷட்டர், வைட் பேலன்ஸ் மூன்றையும் கையால் வைக்கலாம். மொட்டைப் பார்த்து வைக்கும் வெளிச்சத்தைவிட ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதியாக வையுங்கள். இல்லாவிட்டால் 11 மணிக்கு இதழ்கள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஷட்டரை 1/50 அல்லது 1/25 வையுங்கள். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும்; இந்த ஷட்டர்களில் முழுத் துடிப்புகள் அடங்கிவிடுவதால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறாது. எச்டிஆர், நைட் மோட் இரண்டும் அணைந்திருக்கட்டும்.

அப்படியும் மினுமினுத்தால் சுவரின் ஒரு மூலையை மட்டும் உற்றுப் பாருங்கள். முழுச் சுவரும் வெளுத்து இருண்டால் எக்ஸ்போஷர். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் தாவினால் வைட் பேலன்ஸ். பட்டை பட்டையாகக் கோடு நகர்ந்தால் விளக்கும் ஷட்டரும் ஒத்துப்போகவில்லை. முதலாவதைக் கம்ப்யூட்டரில் ffmpeg என்ற இலவச சாஃப்ட்வேர் சரி செய்துவிடும்; படங்கள் உள்ள ஃபோல்டரில் டெர்மினலைத் திறந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ffmpeg -framerate 24 -pattern_type glob -i "*.jpg" -vf "scale=1920:-2,crop=1920:1080,deflicker=size=10" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p poo.mp4
```

இது லினக்ஸ், மேக்கில் அப்படியே ஓடும். விண்டோஸில் glob வேலை செய்யாது, படங்களுக்கு 0001.jpg என்று வரிசையாகப் பெயர் மாற்றி, `-pattern_type glob -i "*.jpg"` என்பதற்குப் பதில் `-i %04d.jpg` என்று கொடுங்கள். deflicker சராசரி வெளிச்சத்தை மட்டுமே சமப்படுத்தும்; நிறம் தாவியதையும் பட்டைக் கோட்டையும் அது தொடாது. அவற்றை எடுக்கும்போதே தவிர்த்தால்தான் உண்டு.

டைம்லாப்ஸ் மோட் எப்போது?

பூ வாடுவதையும் சேர்த்து விடியும் வரை எடுக்க நினைத்தால் பூட்டிய எக்ஸ்போஷர் உதவாது. விளக்கு வெளிச்சத்துக்கு வைத்தது சூரியன் வந்ததும் வெளிறிப்போகும். கையால் நடுநடுவே மாற்றினால் அந்தந்த இடத்தில் படம் குதிக்கும். அங்கே எதையும் பூட்டாமல் டைம்லாப்ஸ் மோடையே ஓடவிடுங்கள். ஒரே போன்தான், அதில் அழைப்பும் வர வேண்டும் என்றாலும் இரண்டு வழியும் வேண்டாம். ஏர்பிளேன் மோடில் போட்டுவைக்கக்கூடிய பழைய போன் ஒன்றைத் தேடுங்கள். அதன் பேட்டரி சேமிப்பு அமைப்பையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் 10 மணிக்கு அது ஆப்பை மூடிவிட்டிருக்கும்.