பிரமிடின் மூன்றில் ஒரு பங்கு: கனசதுரத்தை வெட்டுவதா, சதுரங்களைத் தொகையிடுவதா?

மாலையில் என்னிடம் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிரமிடின் கன அளவை இரண்டு விதமாகவும் நடத்திவிட்டேன். முதலில் அட்டையில் கனசதுரம் செய்து பிரித்துக் காட்டினேன். இப்போது தொகையிடல்தான். தண்ணீர் ஊற்றி அளக்கும் வழியை இங்கே சேர்க்கவில்லை. பிரமிடால் மூன்று முறை ஊற்றினால் அதே அடியும் உயரமும் உள்ள பெட்டி நிரம்பும் என்று அது காட்டும். ஏன் மூன்று என்பதற்கு அதில் பதில் இல்லை.

கனசதுர வழி பார்க்க அழகானது. ஒரு மூலையை உச்சியாக வைத்துக்கொண்டால், அதைத் தொடாத முகங்கள் மூன்று இருக்கும். ஒவ்வொரு முகத்தையும் அடியாக வைத்து அந்த மூலையோடு இணைத்தால் அச்சு அசலாக ஒரே மாதிரி மூன்று பிரமிடுகள். கனசதுரத்தின் பக்கம் a என்றால் ஒவ்வொன்றும் a³/3. ஆனால் இந்தப் பிரமிடின் உயரமும் அடிப்பக்கமும் சமம், உச்சியும் ஒரு மூலைக்கு நேர் மேலே. கீசாவின் பெரிய பிரமிடை எடுங்கள்: அடிப்பக்கம் சுமார் 230 மீட்டர், கட்டியபோது உயரம் சுமார் 146.6 மீட்டர், உச்சி நடுவில். அட்டைத் துண்டிலிருந்து இதற்கு எப்படி வருவது? உச்சியை நகர்த்தினாலும் கன அளவு மாறாது என்று முதலில் காட்ட வேண்டும். அதற்குக் கிடைமட்டமாகச் சீவித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1900இல் கணிதவியலாளர் ஹில்பர்ட் எழுப்பிய கேள்வி ஒன்றுக்கு மாக்ஸ் டேன் தந்த விடையும் இதைத்தான் சொல்கிறது: சம அடியும் சம உயரமும் உள்ள இரண்டு முக்கோணப் பிரமிடுகளில் ஒன்றை வெட்டி ஒட்டி மற்றதாக்குவது எல்லாச் சமயத்திலும் முடிந்துவிடாது.

சரி, சீவியே பார்ப்போம். அடிப்பக்கம் b, உயரம் h என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து கீழ்நோக்கி y தூரத்தில் வெட்டினால் கிடைப்பது ஒரு சதுரம். வடிவொத்த முக்கோணங்களின்படி அதன் பக்கம் by/h, பரப்பு b²y²/h². dy தடிமனுள்ள தகடுகளாக எல்லாவற்றையும் கூட்டினால்:

V = ∫₀ʰ (b²y²/h²) dy = (b²/h²)(h³/3) = b²h/3

அந்த 3 எங்கிருந்து வந்தது என்று இங்கே தெளிவாகத் தெரிகிறது. பரப்பு y²ஆக வளர்கிறது. y²ஐத் தொகையிட்டால் y³/3.

பிள்ளைகள் சறுக்குவது இரண்டு இடங்களில். பக்கம் நேர்விகிதத்தில் வளர்வதால் பரப்பும் அப்படியே வளரும் என்று நினைத்து b²y/h என்று போடுவார்கள்; விடை b²h/2 என்று வரும். இதைக் கண்டுபிடிக்கப் பாதி உயரத்தில் நின்று பார்த்தால் போதும். பெரிய பிரமிடில் அங்கே பக்கம் 115 மீட்டர். பரப்பு அடியில் பாதி இல்லை, கால்தான். இன்னொன்று, அடியிலிருந்து அளப்பது. அப்போது அடியிலிருந்து z உயரத்தில் பக்கம் b(1 − z/h). வர்க்கத்தை விரித்துத் தொகையிட்டால் h − h + h/3 என்று ஒழுங்காக வந்துவிடும். ஆனால் u = 1 − z/h என்று பிரதியிடுபவர்கள் dz = −h duவில் உள்ள குறியை விட்டுவிட்டு எதிர்க் கன அளவோடு வந்து நிற்பார்கள். அதனால் நான் எப்போதும் உச்சியைத்தான் பூஜ்யமாக வைக்கிறேன்.

என்னைத் தொகையிடல் பக்கம் சாய்த்தது தலை வெட்டிய பிரமிடு. மாஸ்கோ பாப்பிரஸில், கிட்டத்தட்ட நாலாயிரம் வருடத்துக்கு முந்தைய எகிப்தியக் கணக்கு ஒன்று இருக்கிறது: அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6. அட்டைத் துண்டுகளோடு இதைத் தொடங்கினால் புதிதாக வெட்ட வேண்டும். தொகையிடலில் எல்லைகளை மாற்றினால் போதும். 6 அலகு உயரத்தில் பக்கம் 4இலிருந்து 2 ஆகிறது என்றால், முழுப் பிரமிடின் உயரம் 12. ஆகவே பக்கம் y/3, y 6இலிருந்து 12 வரை:

∫₆¹² (y²/9) dy = (1728 − 216)/27 = 56

பாப்பிரஸில் உள்ள விடையும் 56தான். தஷூரில் இருக்கும் வளைந்த பிரமிடுக்கும் இதே வழி செல்லும். பாதியில் சரிவு மாறுவதால் மேல் பகுதிக்கு ஒரு தொகை, கீழ் பகுதிக்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பிரித்தால் ஆயிற்று.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தகடு தகடாகக் கூட்டும் யோசனையை நான் நடத்திப் பார்த்ததில்லை. தொகையிடல் தெரியாதவர்களுக்கு 1² + 2² + … + n² என்ற கூட்டலை வைத்து இதையே செய்யலாம்தான். ஆனாலும் அந்த வயதுக்கு முதலில் அட்டைக் கனசதுரத்தையே கையில் கொடுப்பேன். அப்புறம் அதே அட்டைப் பிரமிடைக் கிடைமட்டமாக ஒரு இடத்தில் வெட்டி, வரும் சதுரத்தை அளக்கச் சொல்வேன்.