நான்கு வருஷமாக ஒரே கூரியர்: “எவ்வளவு ஆகும்?” என்று கேட்பவர்களுக்கு

நேற்றிரவு வாட்ஸ்அப்பில் நண்பன் கேட்டான்: “அண்ணே, நீங்க அனுப்புற கூரியர்ல ஒரு பார்சலுக்கு எவ்வளவு ஆகும்?” அவ்வளவுதான். எங்கிருந்து, எங்கே, எத்தனை கிலோ, பெட்டி எவ்வளவு பெரிது, ஒன்றும் இல்லை. எரிச்சல் வந்தது. ஆனால் நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டேன்.

மகள் கூச்சிங்கில் படிக்கப் போன வருஷம் அது. தீபாவளிக்கு 2.4 கிலோ முறுக்கைப் பால் டின் வந்த அட்டைப்பெட்டியில் போட்டு, நொறுங்காமல் இருக்கச் சுற்றிலும் பழைய பேப்பரைத் திணித்து, பட்டர்வொர்த் கவுண்டருக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பெண் தராசைப் பார்த்துவிட்டு டேப்பை எடுத்தார். 40, 30, 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 36,000. அதை 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. கூரியர்காரர்களுக்கு இதுவும் எடைதான். தராசு காட்டுவது, இந்தக் கணக்கு காட்டுவது, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. அதையும் அரை கிலோவுக்கு ஏற்றி 7.5 என்று போட்டார்.

“தங்கச்சி, உள்ள முறுக்குதான்மா.”

“பெட்டி பெருசு அங்கிள்.”

கூச்சிங் இருக்கும் சரவாக்கிற்கு விமானத்தில் போவதால் கிலோவுக்கான விலையே தீபகற்ப மலேசியாவைவிட அதிகம். பணம் கட்டியது முறுக்குக்கு இல்லை, பேப்பருக்கு.

அடுத்த முறை 30, 25, 20 பெட்டி. 15,000-ஐ 5000-ஆல் வகுத்தால் சரியாக 3 கிலோ. அதே முறுக்கு, பாதிக்கும் குறைந்த எடை. அன்றிலிருந்து இவர்களோடுதான் இருக்கிறேன். பார்சல் இதுவரை தொலைந்ததில்லை. ஆப்பில் இரண்டு போஸ்கோடும் மூன்று அளவும் தட்டினால் உடனே விலை வந்துவிடும். சில கூரியர்கள் 6000-ஆல் வகுப்பார்கள், பெரிய பெட்டிக்கு அது லாபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் கோபமெல்லாம் வேறு இடத்தில். போன மாதம் அதே அளவுப் பெட்டியை வீட்டிலேயே அளந்து, 3 கிலோவுக்குப் பணம் கட்டி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஆப்பில் கூடுதல் கட்டணம். அவர்கள் கிடங்கில் மெஷின் மறுபடி அளந்ததில் 30 என்பது 33 ஆகிவிட்டதாம். அதாவது 3.3, ஏற்றினால் 3.5. பெட்டி உப்பியிருந்தது உண்மைதான், மூடியை அழுத்தி டேப் ஒட்டியதே நான்தான். ஆனால் படம் காட்டுங்கள் என்று கேட்டதற்கு ஒன்பது நாள் பதில் இல்லை. வந்த பதிலிலும் படம் இல்லை. இந்த ஒன்றுக்காகவே யாருக்கும் இவர்களைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நாளைக்கு மகளுக்கு ஊறுகாய் அனுப்பப் போவதும் இவர்களிடம்தான்.

இதையெல்லாம் நண்பனுக்கு எழுதி, அளவைக் கேட்டேன். பதில் வந்தது: “மீரியில இருக்கிற அம்மாவுக்கு ரெண்டு தலகாணிண்ணே. கனமே இல்ல, சும்மா ஒரு விலை சொல்லுங்க.”