ஒன்பது ஒன்றியம், ஒன்பது பிபிடி, ஒரே கோப்பு

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நாகர்கோவிலில் மீட்டிங். அகஸ்தீஸ்வரத்திலிருந்து மேல்புறம் வரை ஒன்பது ஒன்றியங்களும் தனித்தனியாக பிபிடி அனுப்பும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்குவது ஐந்து வருஷமாக என் தலையில். யாருக்கும் தங்கள் நிறமும் லோகோவும் மாறக்கூடாது.

முதல் தடவை சும்மா காப்பி-பேஸ்ட் செய்தேன், ஒன்பதும் என் கோப்பின் நீலத்துக்கு மாறிவிட்டன. பிறகுதான் புரிந்தது: பின்னணி, எழுத்துரு, நிறம் எல்லாம் பெரும்பாலும் ஸ்லைடில் இல்லை, அதன் மாஸ்டரில் இருக்கிறது. மாஸ்டரையும் கூட்டி வந்தால்தான் தோற்றம் வரும். அதற்கு பேஸ்ட் செய்ததும் வரும் சின்னப் பெட்டியில் Keep Source Formatting தர வேண்டும். Ctrl+V அடித்து, Ctrl-ஐத் தட்டி, K அழுத்தினாலும் போதும்.

ஒரு கோப்பின் ஸ்லைடுகளை மொத்தமாக ஒரே தடவையில் கொண்டுவந்துவிட்டு வேண்டாததை அழிப்பதுதான் என் வழக்கம். நாலு நாலாக எடுத்தபோது View > Slide Master-இல் போய்ப் பார்த்தால் 1_Office Theme, 2_Office Theme என்று ஒரே மாஸ்டர் குட்டி போட்டு நின்றது. எந்த ஸ்லைடும் பயன்படுத்தாத மாஸ்டர்களை அங்கேயே அழித்துவிடலாம். பின்னணியில் பெரிய போட்டோ உள்ள மாஸ்டர் என்றால் கோப்பின் எடையும் குறையும்.

அளவுதான் அடுத்த தலைவலி. இரண்டு ஒன்றியம் இன்னும் பழைய 4:3-தான். அதை அப்படியே 16:9-க்குள் கொண்டுவந்தால் வட்ட முத்திரை முட்டையாகிவிடுகிறது. இப்போது மூலக் கோப்பின் நகலிலேயே Design > Slide Size போய் 16:9-ஆக மாற்றி, மாஸ்டரில் லோகோவைச் சரிசெய்துவிட்டுத்தான் எடுக்கிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் சேர்த்த பிறகு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை. பக்க எண்ணும் ஏமாற்றும்: தானாக வரும் எண் புதுக் கோப்பின் வரிசைக்கு மாறிவிடும், கையால் அடித்த எண் பழையபடியே நிற்கும்.

இவ்வளவு செய்தாலும் எழுத்துரு கூடவே வராது, அதன் பெயர் மட்டும்தான் வரும். போன தடவை கன்னியாகுமரி என்ற தலைப்பு திரையில் fd;dpahFkhp என்று நின்றது. பாமினி எழுத்துருவில் அடித்தது, என் லேப்டாப்பில் பாமினி இல்லை. போன் போட்டால் அந்த ஒன்றியத்து அக்கா, "தம்பி, எங்க கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது?" என்கிறார். Replace Fonts இதற்கு உதவாது, லதா எழுத்துருவுக்கு மாற்றினாலும் அதே ஆங்கில எழுத்துகள்தான் நிற்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது யூனிகோடே இல்லை. கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி ஒட்டினேன், பதினோரு ஸ்லைடு. இந்தத் தடவையும் பாமினியில்தான் அனுப்பியிருக்கிறார்.